அச்சடித்த கேஷ் ஃபுளோ தாளில் இருந்து எடுத்த எண்கள்: அடைப்புக்குறிக்குள் இருப்பது எதுவும் கூட்டலில் வரமாட்டேன் என்கிறது

நூல்கண்டு

வணக்கம். ஆடிட்டர் ஆபீஸில் ஆர்ட்டிகிள்ஷிப்பில் இருக்கிறேன், எட்டு மாதம்தான் ஆகிறது. ஒரு கிளையன்டின் பழைய ஆண்டறிக்கை அச்சுப் புத்தகமாக மட்டும்தான் இருக்கிறது, எக்செல் ஃபைல் அவர்களிடமே இல்லையாம். கேஷ் ஃபுளோ பக்கத்தை ஸ்கேன் பண்ணி, எழுத்தைப் படிக்கிற சாஃப்ட்வேரில் விட்டு, வந்ததை எக்செலில் ஒட்டினேன். நடுவில் வரும் துணைக் கூட்டல்களை எடுத்துவிட்டு, வரிகளை மட்டும் B2 முதல் B11 வரை வைத்திருக்கிறேன். எல்லாம் லட்சத்தில். கீழே இருப்பது புத்தகத்தைப் பார்த்து இங்கே அடித்தது:

```
வரிக்கு முந்தைய லாபம்        842
தேய்மானம்                   316
வட்டிச் செலவு                 128
வட்டி வருமானம்              (47)
சொத்து விற்ற லாபம்           (19)
வரவேண்டிய பாக்கி           (263)
சரக்கிருப்பு                  (118)
தரவேண்டிய பாக்கி            205
மற்ற நடப்புச் சொத்துகள்        (36)
கட்டிய வருமான வரி          (214)
```

புத்தகத்தில் கடைசி வரி 794. நான் `=SUM(B2:B11)` போட்டால் 1491 வருகிறது. பிழை என்று எக்செல் எதுவும் சொல்லவில்லை. சாயங்காலம் சீனியர் கேட்பார், என்ன செய்வது?

கட்டம்போட்ட சட்டை

ரொம்ப சுலபம். செல்களைத் தேர்ந்தெடுத்து Ctrl+1 அழுத்துங்க, Custom போய் இதைப் போடுங்க:

```
#,##0_);(#,##0)
```

மைனஸ் எல்லாம் அழகா அடைப்புக்குறிக்குள்ள வந்துடும். அந்த `_)` எதுக்குன்னா, பிளஸ் எண்ணுக்கு வலது பக்கம் ஒரு குறி அகலத்துக்கு இடம் விடும், அப்பத்தான் எண்கள் நேர்கோட்டுல நிக்கும்.

நூல்கண்டு

அண்ணா, எனக்கு வேண்டியது தலைகீழ். அடைப்புக்குறி ஏற்கெனவே இருக்கிறது. அது மைனஸாகக் கணக்கில் ஏறவில்லை என்பதுதான் பிரச்சினை.

கட்டம்போட்ட சட்டை

ஓ, சரி சரி. தலைப்பை மட்டும் படிச்சுட்டு எழுதிட்டேன்.

பேரேடு

முதலில் வித்தியாசத்தைப் பாருங்கள். 1491-ல் 794 போனால் 697. இப்போது அடைப்புக்குறிக்குள் இருக்கும் ஆறு எண்களையும் தனியாகக் கூட்டுங்கள்: 47, 19, 263, 118, 36, 214. அதுவும் 697.

ஆக, அந்த ஆறு வரிகளும் கூட்டலில் சேரவே இல்லை. குறி மாறி, பிளஸாகச் சேர்ந்திருந்தால் வித்தியாசம் இரண்டு மடங்காக, 1394 என்று வந்திருக்கும். கூட்டல் 2188 காட்டியிருக்கும். விட்டுப்போனால் ஒரு மடங்கு, குறி புரண்டால் இரண்டு மடங்கு. ஃபார்முலாவில் கை வைப்பதற்கு முன் இதைப் பார்த்துவிட்டால் எந்த நோய் என்று தெரிந்துவிடும்.

உங்களுடையது முதல் வகை. அந்த ஆறு செல்லிலும் இருப்பது எண் இல்லை, எழுத்து. ஒரு காலி செல்லில் `=COUNT(B2:B11)` போடுங்கள், பக்கத்தில் `=COUNTA(B2:B11)` போடுங்கள். இரண்டாவது 10 சொல்லும், முதலாவது 4 தான் சொல்லும் என்று நினைக்கிறேன். SUM-இன் குணம் அது: வரம்புக்குள் எழுத்து இருந்தால் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். நீங்கள் `=B2+B5` என்று கூட்டல் குறி போட்டுப் பார்த்திருந்தால் அநேகமாக #VALUE! என்று கத்தியிருக்கும்.

அதற்காக அடைப்புக்குறியைக் குற்றம் சொல்லாதீர்கள். ஒரு புது செல்லில் நீங்களே (47) என்று அடித்து எண்டர் தட்டுங்கள், எக்செல் அதை -47 என்று எடுத்துக்கொள்ளும். ஒட்டிய செல்லில் வேறு ஏதோ ஒளிந்திருக்கிறது. `=LEN(B5)` என்ன சொல்கிறது? (47) என்றால் 4 எழுத்து வர வேண்டும்.

நூல்கண்டு

COUNT 4, COUNTA 10, நீங்கள் சொன்ன மாதிரியேதான் சார். `=LEN(B5)` 5 காட்டுகிறது. உற்றுப் பார்த்தால் திறக்கும் குறிக்கும் 4-க்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறது. ஆனால் TRIM போட்டும் போகவில்லை.

பேரேடு

`=CODE(MID(B5,2,1))` போட்டுப் பாருங்கள். 32 வந்தால் சாதாரண ஸ்பேஸ். 160 வந்தால் அது உடையா இடைவெளி, பி.டி.எஃப்-இலும் இணையப் பக்கங்களிலும் வருவது. TRIM-க்கு 32 மட்டும்தான் தெரியும், 160-ஐத் தொடாது.

நூல்கண்டு

160.

வெள்ளிக்கிழமை

இதுக்கு எதுக்கு இவ்வளவு ஆராய்ச்சி? Ctrl+H. `(` இருக்கிற இடத்துல `-` போடு, `)` இருக்கிற இடத்துல ஒண்ணும் போடாதே. ரெண்டு தட்டு, முடிஞ்சது. நான் ஆறு வருஷமா இதைத்தான் பண்றேன்.

பேரேடு

வழி சரிதான், ஆனால் இவருக்கு அது பாதிதான் வேலை செய்யும். குறி போன பிறகு மைனஸ், நடுவில் அந்த 160, பிறகு 47 என்று நிற்கும். அதுவும் எழுத்துதான், SUM மறுபடியும் தாண்டிப் போகும். மூன்றாவதாக ஒரு தட்டு வேண்டும்: தேடும் பெட்டியில் Alt-ஐப் பிடித்துக்கொண்டு, வலது பக்க எண்பலகையில் 0160 அடித்தால் அந்த இடைவெளி விழும், அதை வெறுமையாக மாற்ற வேண்டும். எண்பலகை இல்லாத லேப்டாப் என்றால் செல்லுக்குள் போய் அந்த இடைவெளியை மட்டும் காப்பி எடுத்து ஒட்டலாம்.

என் மனத்தாங்கல் வேறு. Ctrl+H மூலத்தையே அழித்துவிடுகிறது. சாஃப்ட்வேர் என்ன படித்தது என்பதற்கு அப்புறம் சாட்சியே இல்லை. ஒட்டியதை B-யில் அப்படியே விட்டுவிட்டு, சுத்தம் செய்ததைப் பக்கத்து நெடுவரிசையில் வைத்துக்கொள்வது நல்லது.

நூல்கண்டு

சார் சொன்னபடி B-யைத் தொடாமல் D-யில் இதைப் போட்டு கீழே இழுத்தேன்:

```
=IF(LEFT(B2,1)="(",-1,1)*SUBSTITUTE(SUBSTITUTE(
 SUBSTITUTE(B2,"(",""),")",""),CHAR(160),"")
```

COUNT இப்போது 10 வருகிறது. எல்லாம் எண்ணாகிவிட்டது. சந்தோஷமாகக் கூட்டினால் 866! வேண்டியது 794. இன்னும் 72 அதிகம்.

சிட்டா தாத்தா

அம்மாடி, 72 ஒன்பதால் வகுபடுகிறதே, கவனித்தாயா? எட்டொன்பது எழுபத்திரண்டு. எங்கள் காலத்தில் டிரையல் பேலன்ஸ் ஒட்டவில்லை என்றால் மேனேஜர் முதலில் கேட்பது அதுதான். வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் எங்கேயோ இரண்டு இலக்கம் இடம் மாறி விழுந்திருக்கிறது. 63-ஐ 36 என்று எழுதிய மாதிரி. முப்பத்தெட்டு வருஷம் கூட்டுறவு வங்கியில் பேரேடு எழுதினவன் சொல்கிறேன், இலக்கம் மாறிய வரியைத் தேடு.

அதோடு, பத்து வரிக்கு இத்தனை கூத்து எதற்கு? கையால் அடித்தால் இரண்டு நிமிஷம்.

பேரேடு

ஐயா சொல்வது நல்ல விதி, நானும் அதை வைத்துத்தான் பிழைத்தேன். ஆனால் 72 இரண்டாலும் வகுபடுகிறது. குறி புரண்டால் வித்தியாசம் அந்த எண்ணின் இரு மடங்கு என்று மேலே சொன்னேனே, அதன்படி பாதி 36. வரிசையில் 36 என்று ஒரு வரி இருக்கிறது. இரண்டு சந்தேகமும் நிற்கிறது, எது என்று பார்ப்போம்.

நூல்கண்டு, நீங்கள் நீக்கிய துணைக் கூட்டல்கள் புத்தகத்தில் என்னென்ன?

நூல்கண்டு

நடப்பு மூலதன மாற்றத்துக்கு முன் 1220. வரிக்கு முன் கையில் வந்தது 1008. கடைசியில் 794.

எனக்கு முதல் ஐந்து வரி 1220, சரி. அடுத்த நாலையும் சேர்த்தால் 1080. அடடா, 1008-க்கும் 1080-க்கும் இலக்கம் மாறியே இருக்கிறது! தாத்தா சொன்னதுதானோ?

பேரேடு

பார்க்க அப்படித்தான் இருக்கும், ஆனால் அது தற்செயல். 1080 நீங்கள் அடித்த எண் இல்லை, எக்செல் கூட்டிச் சொன்னது. கூட்டி வந்த விடையில் இலக்கம் இடம் மாறாது. உள்ளே போன வரியில்தான் மாறும்.

அப்படி மாறி 72 வர வேண்டுமானால் பக்கத்துப் பக்கத்து இலக்கங்களுக்குள் எட்டு வித்தியாசம் இருக்க வேண்டும், 19-ம் 91-ம் போல. உங்களிடம் (19) ஒன்று இருக்கிறது. ஆனால் அது முதல் ஐந்துக்குள் வருகிறது, அந்தக் கட்டம் 1220-க்கு ஒட்டிவிட்டது. தவிர அது 91 ஆகியிருந்தால் கழிவு கூடி, கூட்டல் குறைந்திருக்கும். உங்களுக்குக் கூடியிருக்கிறது. ஆக அது இல்லை.

பிழை ஆறாவது வரிக்கும் ஒன்பதாவது வரிக்கும் நடுவில் இருக்கிறது. அங்கே 263, 118, 205, 36. B10-ஐத் திறந்து, D-யைப் பார்க்காமல் B-யில் என்ன இருக்கிறது என்று எழுத்தெழுத்தாகச் சொல்லுங்கள்.

நூல்கண்டு

B10-ல் `36)` என்று இருக்கிறது. திறக்கும் குறியே இல்லை! புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். குறிப்பு எண் நெடுவரிசைக்கும் தொகை நெடுவரிசைக்கும் நடுவில் ஒரு மெல்லிய கோடு ஓடுகிறது, அந்த வரியில் மட்டும் அச்சு கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்து குறி கோட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிறது, சாஃப்ட்வேருக்குக் கோடாகவே பட்டிருக்கும் போல.

என் ஃபார்முலா இடப்பக்கக் குறியை மட்டும் பார்த்து, இது பிளஸ் என்று முடிவு கட்டி, வலப்பக்கக் குறியைத் துடைத்துவிட்டது. -36 என்று திருத்தினால் 1008, 794 இரண்டும் ஒட்டுகிறது.

சிட்டா தாத்தா

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கையால் அடித்திருந்தால் இந்தக் கோடும் குறியும் ஒட்டின கதையே வந்திருக்காது.

பேரேடு

பத்து வரி என்றால் நானும் கையால்தான் அடிப்பேன் ஐயா. ஆனால் கேஷ் ஃபுளோவோடு இவர் வேலை முடியாது, பின்னால் குறிப்புகள் நாற்பது ஐம்பது பக்கம் இருக்கும்.

வெள்ளிக்கிழமை

அப்ப ஃபார்முலாவுல ரெண்டு பக்கமும் தேடச் சொல்லிடலாமே. ஒரு குறி இருந்தாலும் மைனஸ். ஒத்தைக் குறியை யாராவது வேணும்னு அச்சடிப்பாங்களா?

பேரேடு

அச்சடிக்க மாட்டார்கள். ஆனால் காணாமல் போன குறி எங்கே போனது என்பதுதான் கேள்வி. சில ஸ்கேனில் திறக்கும் குறியை 1 என்று படித்துவிடும். அச்சில் (18) என்று இருந்தது `118)` என்று வரும். இரண்டு பக்கமும் தேடும் ஃபார்முலா அதைத் தைரியமாக -118 ஆக்கிவிடும், குறி சரி, எண் தப்பு. அதனால் ஒற்றைக் குறியை நான் சரிசெய்யச் சொல்வதில்லை, கொடி காட்டச் சொல்வேன்:

```
=ISNUMBER(FIND("(",B2))<>ISNUMBER(FIND(")",B2))
```

E நெடுவரிசையில் போட்டு இழுங்கள். TRUE வந்த வரியை மட்டும் புத்தகத்தோடு ஒப்பிட்டால் போதும். இரண்டு குறியுமே காணாமல் போனால் இது பிடிக்காது. அதைப் பிடிப்பது புத்தகத்தின் துணைக் கூட்டல்தான், அதனால் அவற்றைத் தூக்கி எறியாமல் தனி நெடுவரிசையில் வைத்திருங்கள். பிழை எந்தக் கட்டத்துக்குள் என்று இன்று காட்டிக் கொடுத்தது 1220-ம் 1008-ம்தானே.

மலைக்கோட்டை

இந்த இழையைப் படிக்கும்போது எனக்குப் பழைய காயம் நினைவுக்கு வருது. ஒரு கம்பெனியோட தொடர்புடைய தரப்பு பரிவர்த்தனைகள் குறிப்பை இப்படித்தான் எக்செல்ல ஏத்தினேன். ஒவ்வொரு எண்ணுக்கும் கீழே இன்னொரு எண் அடைப்புக்குறிக்குள்ள. எல்லாத்தையும் மைனஸாக்கிக் கூட்டி, நிகரத் தொகைன்னு மெயிலும் அனுப்பிட்டேன். பார்ட்னர் கூப்பிட்டு அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்துல இருந்த வரியைக் காட்டினார்: அடைப்புக்குறிக்குள் உள்ளவை முந்தைய ஆண்டுத் தொகைகள். அதாவது அது மைனஸே இல்லை, போன வருஷத்து வாடகை. இந்த வருஷத்துல இருந்து போன வருஷத்தைக் கழிச்சு அனுப்பியிருக்கேன்.

பேரேடு சாரோட ஒரு மடங்கு, ரெண்டு மடங்கு விதி இங்கே என்ன செய்யும்?

பேரேடு

ஒன்றும் செய்யாது. அந்தக் குறிப்புகளில் பல சமயம் கூட்டலே அச்சடித்திருக்காது, ஒப்பிட எண் இல்லாமல் விதி எப்படி வேலை செய்யும்? அட்டவணையின் அடியில் இருக்கும் பொடி எழுத்தைப் படிப்பது தவிர வழியில்லை. ஒரு சின்ன அடையாளம் உண்டு. ஏறக்குறைய ஒவ்வொரு எண்ணுக்கும் கீழே ஒரு குறி போட்ட எண் ஜோடியாக நின்றால், அது மைனஸாக இருக்க வாய்ப்புக் குறைவு. மைனஸ் அப்படி ஒழுங்காக வரிசை கட்டி வராது.

கொழும்புக் கணக்கர்

இங்கே கொழும்பில் நாங்கள் பார்க்கிற கம்பெனி அறிக்கைகளில் இலாப நட்டத்திலேயே விற்பனைச் செலவு, நிர்வாகச் செலவு எல்லாம் அடைப்புக்குறிக்குள்தான் அச்சாகி வரும். அதனால் வரிகளை அப்படியே கூட்டினால் இலாபம் வந்துவிடும், துணைக் கூட்டலை மட்டும் சேர்க்காமல் பார்த்துக்கொண்டால் சரி. இந்திய அறிக்கை ஒன்றை முதன்முதலில் எடுத்தபோது நான் குழம்பிப்போனேன். செலவு ஒன்றிலும் குறியே இல்லை. ஸ்கேனில்தான் எல்லாம் விழுந்துவிட்டது என்று நினைத்து அரை நாள் மெனக்கெட்டேன்.

பேரேடு

அது கம்பெனிகள் சட்டம் 2013-இன் மூன்றாம் அட்டவணைப் படிவம். வருமானம் ஒரு தொகுதி, செலவு ஒரு தொகுதி, செலவுகள் குறியில்லாமல் நிற்கும், மொத்தத்தில் இருந்து மொத்தத்தைக் கழிக்க வேண்டும். அந்தச் செலவுத் தொகுதிக்குள்ளேயே சரக்கிருப்பு மாற்றம் என்று ஒரு வரி வரும், அதற்கு மட்டும் சில வருஷங்களில் குறி இருக்கும். இருப்பு கூடியிருக்கிறது, அந்த அளவுக்குச் செலவு குறைகிறது என்று அர்த்தம். செலவுகளைக் கூட்டும்போது அதைக் கழிக்க வேண்டும். செலவு எல்லாமே கழிவுதானே என்று மொத்தத் தொகுதிக்கும் மைனஸ் போடுகிறவர்கள் இந்த வரியில் மாட்டிக்கொள்வார்கள்: அங்கே அது பிளஸாகத் திரும்ப வேண்டும்.

நூல்கண்டு

எல்லோருக்கும் நன்றி. சீனியர் பார்த்துவிட்டார், இந்த வருஷ நெடுவரிசை முடிந்தது. இப்போது முந்தைய வருஷ நெடுவரிசையை அதே ஃபார்முலாவில் ஓட்டினேன். கொடி எதுவும் வரவில்லை. ஆனால் கூட்டல் புத்தகத்தைவிட 1 அதிகம். முதல் துணைக் கூட்டல் ஒட்டுகிறது, இரண்டாவதில் அந்த 1 நுழைகிறது.

சிட்டா தாத்தா

லட்சத்துக்கு முழுமையாக்கினால் ஒன்று இடிக்கத்தான் செய்யும். விட்டுவிடு.

பேரேடு

குறிப் பிழை இல்லை, அது நிச்சயம். முழு எண்களில் குறி புரண்டால் வித்தியாசம் எப்போதும் இரட்டைப்படை, 1 வராது. ஐயா சொல்கிற முழுமையாக்கலாக இருக்க நல்ல வாய்ப்பு, ஒவ்வொரு வரியிலும் அரை லட்சம் வரை இப்படி அப்படிப் போயிருக்கும். ஆனால் ஓர் இலக்கத்தைத் தப்பாகப் படித்தாலும் இதே 1 வரும். எழுதிக் கொடுப்பதற்கு முன் அந்த நாலு வரியையும் அச்சோடு ஒருமுறை பாருங்கள்.

நூல்கண்டு

அதில் ஒரு எண்ணின் கடைசி இலக்கம் ஸ்கேனில் 5-ஆ 6-ஆ என்றே தெரியவில்லை சார், சாஃப்ட்வேர் 6 என்று எடுத்திருக்கிறது. புத்தகத்தை கிளையன்ட் ஆள் வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். திங்கட்கிழமை போன் பண்ணிக் கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.